டிக்கெட் புக்கிங் வேலைக்கு எல்லை போடுவது: வட்டமா, கதையா, மாதிரித் திரையா?

மதுரையிலிருந்து சென்னைக்கு 12 ஆம்னி பஸ் ஓட்டும் ஒரு நிறுவனத்துக்கு ஆன்லைன் டிக்கெட் புக்கிங் செய்து தரும் குழுவில் நான் இருந்தேன். ஒப்பந்தம் மொத்தத் தொகைக்கு. எது வேலைக்குள் வரும், எது வராது என்று கையெழுத்துக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் புதிதாக ஏதாவது முளைத்தால் அதன் செலவு யார் தலையில் விழும் என்று சண்டை வரும். எல்லையை வரையறுக்க எங்களுக்கு இருந்தது பத்து வேலைநாள்.

குழுவில் மூன்று பேர், மூன்று கருத்து. ஒருவர், யூஸ் கேஸ், அதாவது ஒருவர் சிஸ்டத்தில் ஒரு காரியத்தை முடிக்கும் கதை, எல்லாவற்றையும் முழுதாக எழுதிவிடலாம் என்றார். இன்னொருவர், பஸ் முதலாளிக்குப் படித்துப் பார்க்கப் பொறுமை இருக்காது, நேராகத் திரைகளை வரைந்து காட்டிவிடலாம் என்றார். நான் கான்டெக்ஸ்ட் டயகிராம், அதாவது சூழல் வரைபடம், பக்கம் இருந்தேன். கடைசியில் மூன்றையும் செய்தோம், ஆனால் ஒரே அளவில் அல்ல. எதை எவ்வளவு செய்வது என்ற அந்தத் தேர்வைத்தான் இங்கே எழுதுகிறேன். மூன்றும் ஒரே கேள்விக்கு மூன்று விடைகள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அவை மூன்று வேறு கேள்விகளுக்கு விடை தருபவை.

முதலில் சூழல் வரைபடம். 1970களில் ஸ்ட்ரக்சர்டு அனாலிசிஸ் என்ற முறை பரவியபோது வந்தது இது. நடுவில் ஒரே ஒரு வட்டம், அதுதான் நாம் கட்டப்போகும் சிஸ்டம். சுற்றிலும் கட்டங்கள், நமக்கு வெளியே இருக்கும் ஆட்களும் பிற சிஸ்டங்களும். கட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே அம்புகள், ஒவ்வொரு அம்பின் மேலும் எந்தத் தகவல் போகிறது என்ற பெயர். இவ்வளவுதான். வட்டத்துக்குள் டேட்டாபேஸ் வரையக் கூடாது. எது முதலில், எது பிறகு என்று காட்டக் கூடாது. கட்டத்திலிருந்து கட்டத்துக்கு அம்பு போடக் கூடாது. பயணி ஏஜென்டிடம் கையில் காசு கொடுப்பது நம் வட்டத்தைத் தொடாத விஷயம், ஆகவே படத்தில் அதற்கு இடமில்லை.

எங்கள் படத்தில் முதல் சுற்றிலேயே எட்டுக் கட்டம் வந்தது: பயணி, ஊர் ஊராக இருக்கும் புக்கிங் ஏஜென்ட், மாட்டுத்தாவணி அலுவலக ஊழியர், பஸ்ஸில் போகும் பணியாளர், பேமென்ட் கேட்வே, எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனம், கணக்குக்கான டேலி, அப்புறம் பல நிறுவனங்களின் டிக்கெட்டை ஒரே இடத்தில் விற்கும் ஒரு தளம். இந்த எட்டாவது கட்டத்துக்கு அம்பு போடும்போதுதான் கை நின்றது. அம்பு எந்தத் திசையில்?

முதலாளி ஏற்கெனவே அந்தத் தளத்தில் தன் இருக்கைகளை விற்றுக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் ஒரு காகித சார்ட்டும் இருந்தது. போனில் யாராவது கேட்டால் ஊழியர் அந்தத் தளத்தின் பக்கத்தைத் திறந்து, அந்த இருக்கையை மூடிவிட்டு, சார்ட்டில் பெயர் எழுதுவார். அப்படியானால் எந்த இருக்கை காலி என்பதற்கு இன்றைக்கு உண்மையான சாட்சி யார்? நாம் புதிதாகக் கட்டினால், நாளைக்கு யார்? நம் சிஸ்டம்தான் உண்மை என்றால் அந்தத் தளம் ஒவ்வொரு விற்பனைக்கும் நம்மிடம் வந்து கேட்க வேண்டும்: காலியா, பிடித்து வை, உறுதி செய், ரத்து செய் என்று நான்கு வகை உரையாடல். தளம்தான் உண்மை என்றால் நாம் அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். மூன்றாவது வழி, ஒதுக்கீடு. 36 படுக்கையில் 16 அவர்களுக்கு, 20 நமக்கு, நடுவில் அம்பே வேண்டாம்.

மூன்று வழிக்கும் வேலையின் அளவு வேறு. நேரடி இணைப்புக்கு மட்டும் எங்கள் கணக்கில் ஆறு வாரம் வந்தது. ஒதுக்கீட்டுக்கு அதிகபட்சம் மூன்று நாள். ஆனால் ஒதுக்கீட்டில், அவர்கள் பக்கம் நான்கு இருக்கை காலியாகக் கிடக்கும்போது நம் பக்கம் பயணியைத் திருப்பி அனுப்ப நேரும். முதலாளியிடம் படத்தைக் காட்டி இதைச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, “தம்பி, இதை ஏன் இவ்வளவு நாளா எவனும் என்கிட்ட கேக்கல?” என்றார். முதல் ஆறு மாதத்துக்கு ஒதுக்கீடு, அதன்பின் தனி ஒப்பந்தத்தில் நேரடி இணைப்பு என்று அங்கேயே முடிவாயிற்று. அரை நாள் வேலையில், ஒரு தாளில், மொத்தத் திட்டத்தின் மிகப் பெரிய நிச்சயமின்மை தீர்ந்தது.

எஸ்எம்எஸ் கட்டமும் சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் வணிகக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுமானால் அனுப்பும் நிறுவனம் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்து, அனுப்புநர் பெயருக்கும் ஒவ்வொரு செய்தியின் வாசக வார்ப்புக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். பதிவு பஸ் நிறுவனத்தின் பெயரில் நடக்க வேண்டும், நம் பெயரில் அல்ல. அம்புக்குப் பெயர் எழுதும்போது “இந்த வாசகத்துக்கு ஒப்புதல் வாங்குவது யார்?” என்ற கேள்வி தானாக வந்தது. அவர்கள்தான் என்று எழுதி வைத்தோம். இது ஒரு வரிதான், ஆனால் எழுதாமல் விட்டிருந்தால் தொடங்கும் நாளன்று டிக்கெட் எஸ்எம்எஸ் போகாமல் நாங்கள் நின்றிருப்போம்.

சூழல் வரைபடத்தின் குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. எங்கள் படத்தில் பேமென்ட் கேட்வேக்குப் போகும் அம்பில் “கட்டணக் கோரிக்கை”, திரும்பி வரும் அம்பில் “கட்டண விளைவு” என்று இருந்தது. பார்க்கச் சுத்தமாக இருந்தது. விளைவு எப்போது வரும், தாமதமானால் என்ன, வராமலே போனால் என்ன என்று படம் ஒரு வார்த்தை சொல்லாது. அதற்குத்தான் யூஸ் கேஸ்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் பொறியியல் கல்லூரி ஆய்வகப் பதிவேடுகளில் டிக்கெட் ரிசர்வேஷன் என்றால் குச்சி மனிதர்களும் முட்டை வடிவங்களும் வரைந்து, நடுவில் இன்க்ளூட், எக்ஸ்டெண்ட் என்று புள்ளிக்கோடு போட்டு, அதையே யூஸ் கேஸ் என்பார்கள். அந்தப் படம் பொருளடக்கம் மாதிரி. ஸ்வீடனைச் சேர்ந்த ஐவர் ஜேக்கப்சன் 1980களில் இந்தக் கருத்தை முன்வைத்தபோதே, அதன் உயிர் ஒருவர் சிஸ்டத்தைப் பயன்படுத்தி ஒரு காரியத்தை முடிக்கும் போக்கை எழுதுவதில்தான் இருந்தது. எல்லை போட உதவுவது அந்த எழுத்துதான், முட்டைகள் அல்ல. நாங்கள் எழுதியதில் ஒன்று இது, கொஞ்சம் சுருக்கி:

இருக்கை முன்பதிவு. செய்பவர்: பயணி.
1. பயணி ஏறுமிடம், இறங்குமிடம், தேதி தருகிறார்.
2. சிஸ்டம் பஸ்களையும் காலி இருக்கைகளையும் காட்டுகிறது.
3. பயணி இருக்கையைத் தேர்ந்து பெயர், வயது, பாலினம் தருகிறார்.
4. சிஸ்டம் இருக்கையை 10 நிமிடம் பிடித்து வைத்து, பயணியைப் பேமென்ட் கேட்வேக்கு அனுப்புகிறது.
5. பணம் வந்ததை கேட்வே உறுதி செய்கிறது.
6. சிஸ்டம் டிக்கெட் எண் தந்து எஸ்எம்எஸ் அனுப்புகிறது.

இந்த ஆறு வரியை யாரும் மறுக்க மாட்டார்கள். இதை எழுத அனுபவமே வேண்டாம். எல்லை தெரிவது இதற்குக் கீழே, கிளைகளில்:

4அ. இருக்கையை இன்னொருவர் சற்று முன் பிடித்துவிட்டார்.
5அ. 10 நிமிடம் கழித்துப் பணம் வருகிறது, இருக்கை இன்னும் காலி.
5ஆ. 10 நிமிடம் கழித்துப் பணம் வருகிறது, இருக்கை விற்றாகிவிட்டது.
5இ. பணம் போனதா இல்லையா என்ற பதிலே வரவில்லை.

யூபிஐயில் பணம் கட்டியவருக்குத் தெரியும், கணக்கில் பணம் கழிந்துவிட்டு, திரை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும் நேரங்கள் உண்டு. 5ஆ நடக்கும்போது பணத்தைத் தானாகத் திருப்புவதா, வேறு இருக்கை தருவதா, அலுவலகத்திலிருந்து போன் செய்வதா? ஒவ்வொன்றும் வேறு வேலை. முதலாளி தானாகத் திருப்பச் சொன்னார். 5இ இன்னொரு படி மேலே போனது. பதில் வராவிட்டால் நாமே கேட்வேயிடம் போய் நிலையைக் கேட்க வேண்டும். அந்த அம்பு எங்கள் சூழல் வரைபடத்தில் இல்லை. யூஸ் கேஸ் எழுதியதால் படத்துக்குப் புதிதாக ஓர் அம்பு சேர்ந்தது.

எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி தந்தது ரத்து செய்யும் யூஸ் கேஸ்தான். தனியாகப் பயணம் செய்யும் பெண் இருவர் படுக்கையில் ஒன்றை எடுத்தால், பக்கத்துப் படுக்கையைப் பெண்ணுக்கு மட்டுமே விற்பது இந்த நிறுவனத்தின் வழக்கம். சரி, விதி எளிது. கணவன் மனைவி சேர்ந்து இரண்டையும் எடுத்தால் பிரச்சினையில்லை. இப்போது கணவர் தன் டிக்கெட்டை மட்டும் ரத்து செய்கிறார். காலியான படுக்கை பெண்களுக்கு மட்டும் என்று மாற வேண்டும். இன்னும் ஒன்று: தாயும் மகனும் எடுத்து, தாய் ரத்து செய்கிறார். அந்த இடம் யாருக்கும் விற்கலாம், ஆனால் திரையில் அதன் நிறத்தை நிர்ணயிக்க மகனின் பாலினத்தை மறுபடி பார்க்க வேண்டும். ஆக, ரத்து செய்வது பணம் திருப்பும் வேலை மட்டுமல்ல. பக்கத்து இருக்கையின் விதியையும் அது புதிதாகக் கணக்கிட வேண்டும். கிளைகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்காமல் இதைப் பிடித்திருக்க மாட்டோம் என்றுதான் நினைக்கிறேன்.

அலுவலக ஊழியரைச் செய்பவராக வைத்து எழுதியபோது கிடைத்தது ‘பஸ்ஸை மாற்றுதல்’. மாலை ஐந்து மணிக்கு 36 படுக்கை வண்டி பழுதாகி, 30 படுக்கை வண்டியை அனுப்புகிறார்கள். எண்கள் பொருந்தாது, ஆறு பேருக்கு இடமில்லை. இது பயணி பார்க்கும் எந்தத் திரையிலும் வராத வேலை. திரையிலிருந்து தொடங்கியிருந்தால் இது எங்கள் கணக்கிலேயே வந்திருக்காது.

ஆனால் எல்லா யூஸ் கேஸையும் இப்படி விரித்து எழுதுவது வீண். எங்கள் பட்டியலில் 17 இருந்தன. ‘கடவுச்சொல் மாற்றுதல்’ எல்லாம் எழுதி என்ன தெரியப்போகிறது? நான்கை மட்டும் கிளைகளோடு எழுதினோம்: முன்பதிவு, ரத்து, பஸ் மாற்றம், ஏஜென்ட் விற்பனை. மற்ற 13க்கும் யார், எதற்காக என்று ஒற்றை வரி. எதை விரிக்க வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: பணமோ இருக்கையோ கை மாறும் இடமா? ஆமென்றால் விரிக்க வேண்டும்.

இனி முன்மாதிரி. புரோட்டோடைப் என்றால் இங்கே நான் சொல்வது ஓடும் மென்பொருள் இல்லை. முதலில் பேனாவால் வரைந்த நான்கு தாள், பிறகு அதையே ஃபிக்மா என்ற திரை வடிவமைப்புக் கருவியில் தொட்டால் அடுத்த திரைக்குப் போகும்படி செய்தது. தேடல், பஸ் பட்டியல், இருக்கைப் படம், பயணி விவரம், அவ்வளவுதான். இதைச் செய்ய நான்கு நாள் ஆயிற்று. பத்தில் நான்கு, ஆகவே இது மூன்றிலும் விலை கூடியது.

போனில் ஏற்றிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கே போய், காத்திருந்த பயணிகளில் ஏழு பேரிடம் கொடுத்தோம். “அண்ணே, திருச்சியில நைட்டு ஏறி சென்னை போகணும்னா இதுல எப்படிப் போடுவீங்க?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றோம். பயணம் எந்தத் தேதிக்கு என்று அவர்கள் கேட்டால் மட்டும் நாங்கள் “14ஆம் தேதி, ராத்திரி பன்னெண்டே கால் வண்டி” என்று சொல்லும்படி வைத்திருந்தோம். ஏழு பேரும் 14ஐத்தான் தொட்டார்கள். ஆனால் அந்த வண்டி மதுரையில் புறப்படுவது 13ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கு. நிறுவனத்தின் சார்ட்டில் அது 13ஆம் தேதி வண்டி. 14ஐத் தொட்டவருக்கு எங்கள் மாதிரி காட்டியது அடுத்த நாள் வண்டி. அவர் உண்மையாகவே புக் செய்திருந்தால் 24 மணி நேரம் தாமதமான டிக்கெட்டோடு திருச்சியில் நடுராத்திரி நின்றிருப்பார்.

எங்கள் சூழல் வரைபடத்தில் “தேதி” என்ற சொல் இருந்தது. யூஸ் கேஸின் முதல் வரியிலும் இருந்தது. இரண்டு இடத்திலும் நாங்கள் அதை எழுதியபோது எங்கள் மனதில் வண்டி புறப்படும் தேதி, பயணியின் மனதில் அவர் ஏறும் தேதி. ஒரே சொல், இரண்டு பொருள். எழுத்து அதை மறைத்தது, விரல் காட்டிக்கொடுத்தது. இதனால் எல்லையும் மாறியது. தேடலை ஏறுமிடத்தின் தேதிப்படி செய்ய வேண்டும், நள்ளிரவு தாண்டிய நிறுத்தங்களுக்கு “13 இரவு, 14 அதிகாலை” என்று இரண்டையும் காட்ட வேண்டும் என்று சேர்த்தோம்.

இருக்கைப் படத்திலும் ஒன்று கிடைத்தது. மேல் படுக்கையைத் தனித் தாவலில் வைத்திருந்தோம். ஏழில் நான்கு பேர் கீழ்த் தளத்தை மட்டும் பார்த்துவிட்டு “ஃபுல்லாயிடுச்சு” என்றார்கள். அதை ஒரே திரையில் மேலும் கீழுமாக மாற்றினோம். இது எல்லையைத் தொடாத மாற்றம், தோற்றம் மட்டும்தான்.

முன்மாதிரியின் ஆபத்தையும் இதே திட்டத்தில் பார்த்தோம். பஸ் பட்டியல் திரையில் இடம் காலியாகத் தெரிகிறதே என்று எங்கள் வடிவமைப்பாளர் ‘பஸ் எங்கே வருகிறது?’ என்று ஒரு பொத்தானை வைத்திருந்தார். அதைத் தொட்டால் எங்கும் போகாது. ஆனால் அதைப் பார்த்த முதலாளி அன்று மாலையே தன் ஏஜென்டுகளிடம், இனிமேல் வண்டி எங்கே வருகிறது என்று போனிலேயே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த நாள் எங்களுக்கு வயிறு கலங்கியது. அந்தப் பொத்தானின் பின்னால் 12 வண்டியிலும் ஜிபிஎஸ் கருவி, அதன் தகவலைத் தரும் இன்னொரு நிறுவனம், சிக்னல் இல்லாத இடத்தில் என்ன காட்டுவது என்ற கேள்வி எல்லாம் இருக்கின்றன. திரை வரைந்தவருக்கு இரண்டு நிமிட வேலை.

அதைப் பேசித் தீர்க்க உதவியது சூழல் வரைபடம்தான். முதலாளி முன் அதே தாளை விரித்து, இந்தப் பொத்தானுக்கு ஒன்பதாவது கட்டம் ஒன்று வேண்டும் என்று வரைந்து காட்டினோம். புதுக் கட்டம் என்றால் புது நிறுவனம், புது ஒப்பந்தம் என்று முன்பே அந்தத் தளத்தின் விஷயத்தில் அவர் பார்த்திருந்தார். “அப்ப இது அடுத்த ஒப்பந்தத்துக்கு” என்று அவரே சொன்னார்.

அன்று முதல் புதிதாக எது கேட்டாலும் நாங்கள் இப்படித்தான் பிரித்தோம். அதற்காகப் படத்தில் புதுக் கட்டமோ அம்போ வர வேண்டுமா? அப்படியானால் எல்லை வெளிப்பக்கம் விரிகிறது, விலை பேச வேண்டும். படம் மாறாமல், யாரோ ஒருவர் புதிதாக ஒரு காரியத்தை முடிக்க வேண்டுமா, அல்லது ஏற்கெனவே உள்ள யூஸ் கேஸில் ஒரு கிளை கூடுகிறதா? அப்படியானால் உள்ளே வேலை கூடுகிறது, நாளைக் கணக்கிட வேண்டும். இரண்டும் மாறாமல் திரை மட்டும் மாறுகிறதா? பேசாமல் மாற்றிக் கொடுத்துவிடலாம். பெண் பயணியின் இருக்கை நிறத்தை மாற்றச் சொன்னது மூன்றாவது வகை. ஏஜென்டுக்கு நாள் முடிவில் கமிஷன் கணக்கு வேண்டும் என்றது இரண்டாவது. ஜிபிஎஸ் முதல் வகை.

மூன்றில் ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் கேட்கும் கேள்வி, உங்களுக்கு எது தெரியவில்லை என்பது. வெளியே யார் யாரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று தெரியாவிட்டால் வட்டம் வரையுங்கள். இருக்கையை இரண்டு மூன்று வழிகளில் விற்கும் எந்த நிறுவனத்துக்கும் இதுதான் நிலை. ஒரே அரங்கம், ஒரே கவுன்டர் என்று வெளித்தொடர்பு குறைவான நாடக டிக்கெட் மாதிரி என்றால், அந்த வட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். யூஸ் கேஸுக்குப் போய்விடலாம். பழைய புக்கிங் தளம் ஏற்கெனவே ஓடுகிறது, பணம், ரத்து விதிகள் எல்லாம் ஊறிப்போனவை, பயணிகள் பாதியில் விட்டுப் போகிறார்கள் என்பதுதான் குறை என்றால் மட்டும் முன்மாதிரியில் தொடங்கலாம். புதிதாகக் கட்டும் எதற்கும், மொத்தத் தொகை ஒப்பந்தத்துக்கும், முன்மாதிரியை முதலில் வைப்பதை நான் எதிர்ப்பேன். பார்த்தவுடன் பேச்சு நிறத்துக்கும் பொத்தானுக்கும் போய்விடும், பணம் தாமதமாக வரும் கதை பின்னால் போய்விடும்.

மூன்றும் சேர்ந்தும் சொல்லாத ஒன்று உண்டு. பொங்கலுக்கு முந்தைய புக்கிங் திறக்கும் நிமிடத்தில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் வருவார்கள் என்பது. காலை 10 மணிக்கு ஏசி வகுப்புத் தட்கல் திறக்கும்போது ரயில்வே தளம் படும் பாட்டைப் பார்த்தவருக்கு இது புரியும். வட்டத்திலும் கதையிலும் திரையிலும் ஒரு பயணிதான் இருக்கிறார். எத்தனை பேரைத் தாங்க வேண்டும் என்பதைத் தனி வரியாக, எண்ணோடு எழுத வேண்டும்.

ஒப்பந்தத்தோடு கடைசியில் நாங்கள் இணைத்தது இவை. ஒரு பக்க சூழல் வரைபடம், அதில் ஒதுக்கீடு என்று எழுதி அம்பில்லாமல் விட்ட எட்டாவது கட்டம், புள்ளிக்கோட்டில் வரைந்து ‘அடுத்த ஒப்பந்தம்’ என்று எழுதிய ஒன்பதாவது. 17 யூஸ் கேஸின் பட்டியலும், விரித்து எழுதிய நான்கும். வராதவை என்று அரைப் பக்கம்: மற்ற தளத்தோடு நேரடி இணைப்பு, ஜிபிஎஸ், ஒரே படுக்கையை மதுரையிலிருந்து திருச்சி வரை ஒருவருக்கும் திருச்சியிலிருந்து சென்னை வரை இன்னொருவருக்கும் விற்பது. தாங்க வேண்டிய கூட்டத்துக்கு ஒரு வரி. முன்மாதிரித் திரைகளில் இருக்கைப் படம், தேடல் இரண்டை மட்டும் வைத்தோம், ஒவ்வொன்றின் கீழும் ‘தோற்றத்துக்கு மட்டும், இதில் உள்ள பொத்தான்கள் வேலையின் பட்டியல் அல்ல’ என்று எழுதி. முதலாளி கையெழுத்துப் போடும்போது அந்த வரியைத்தான் இரண்டு முறை படித்தார்.